கடைசி தேதியிலேயே கட்டிவிட்டேன், அப்புறமும் லேட் ஃபீ ஏன்?

கேள்வி

வணக்கம் மேடம். மே 13-ஆம் தேதி கிரெடிட் கார்டில் 40,000-க்கு ஒரே ஒரு பொருள் வாங்கினேன். மே 26-இல் பில் வந்தது, கட்ட வேண்டிய கடைசி தேதி ஜூன் 14, சனிக்கிழமை. அன்றைக்குச் சாயங்காலம் 7.40-க்கு வேறொரு வங்கியின் ஆப்பில் இருந்து முழுத் தொகையையும் கட்டினேன். பணம் உடனே என் கணக்கிலிருந்து போய்விட்டது, "வெற்றி" என்று மெசேஜும் வந்தது. ஆனால் கார்டு ஆப்பில் ஜூன் 17 செவ்வாய்க்கிழமைதான் வரவு காட்டுகிறது. ஜூன் 26-இல் வந்த பில்லில் லேட் ஃபீ 500, வட்டி 1,380. இதோடு புதிதாக வாங்கியது 6,200 சேர்த்து மொத்தம் 8,080. போன் செய்தால் "சிஸ்டத்தில் 17 என்றுதான் இருக்கிறது" என்கிறார்கள். மூன்று நாள் என் பணத்தை வைத்துக்கொண்டு என்னிடமே அபராதம் கேட்பது மோசடி இல்லையா? தீர்வு கிடைக்கும் வரை இந்த மாத பில்லைக் கட்டப் போவதில்லை. கட்டிய 40,000-ஐயும் என் வங்கி மூலம் திரும்பப் பெறலாமா என்று யோசிக்கிறேன். கார்டையும் மூடிவிடலாமா? — பெயர் வேண்டாம், ஒரு வாசகி

பதில்

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 40,000-ஐத் திரும்பப் பெற முயற்சிக்காதீர்கள். இப்போது உங்கள் தரப்பில் ஒரு வழக்கு இருக்கிறது, அது வெறும் 1,880 பற்றியது. கட்டிய பணத்தை இழுத்துக்கொண்டால் 40,000 முழுவதும் கட்டாத பாக்கியாக மாறிவிடும், அந்தப் பாக்கி நிஜமானதாகவும் இருக்கும். அப்புறம் உங்கள் நியாயத்தை யார் கேட்பார்கள்?

கார்டை மூடுவதும் இப்போது வேண்டாம். மூட வேண்டும் என்றால் பாக்கி முழுவதையும் தீர்க்கச் சொல்வார்கள், தகராறில் இருக்கும் 1,880-உம் அந்தப் பாக்கிக்குள்தான் வரும். முதலில் பணம் திரும்பி வரட்டும், மூடுவதை அப்புறம் நிதானமாக யோசிக்கலாம்.

மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. ஆனால் தவறு இருக்கலாம், அது யாருடைய தவறு என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இப்போதைய வேலை. அந்த போன் ஆள் சொன்ன பதிலை அப்படியே ஏற்கவும் வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். அவர் திரையில் தெரிவது ஒரு தேதி மட்டும்தான். உங்கள் பிரச்சினையில் மூன்று தேதிகள் இருக்கின்றன.

எந்தத் தேதி கணக்கு?

உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்த தேதி ஒன்று. அந்தப் பணம் கார்டு கொடுத்த வங்கியின் கைக்குப் போய்ச் சேர்ந்த தேதி இரண்டாவது. அவர்கள் அதை உங்கள் கார்டுக் கணக்கில் வரவாக எழுதிய தேதி மூன்றாவது. நீங்கள் முதல் தேதியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறீர்கள், அவர்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். தாமதமா இல்லையா என்பதைப் பொதுவாகத் தீர்மானிப்பது நடுவில் இருக்கும் இரண்டாவது தேதி. அதைப் பற்றி இதுவரை இரண்டு தரப்பும் பேசவே இல்லை.

"என் பணம் போய்விட்டது, அப்படியென்றால் கட்டியாயிற்று" என்று நினைப்பது ரொம்ப இயல்பு, நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் வேறு வங்கியின் ஆப் வழியாகக் கட்டும்போது நடுவில் ஒன்றிரண்டு கைகள் மாறுகின்றன. ஆப் உங்கள் கணக்கில் கழிக்கிறது, நாள் முழுவதும் சேர்ந்த பணம் ஒரு தொகுப்பாகப் போகிறது, அதோடு யார் எந்தக் கார்டுக்குக் கட்டினார்கள் என்ற பட்டியலும் போகிறது. "வெற்றி" என்ற மெசேஜ் முதல் கை முடிந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. இதே ஆப்பில் பணம் கட்டும் திரையின் அடியில் "வரவாக இரண்டு வேலை நாட்கள் ஆகலாம்" என்பது போல ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். பல ஆப்களில் இருக்கும். இருந்தால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், உங்களுக்கு எதிராக இருந்தாலும் சரி. எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டும்போது முதல்முறையாகப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சனிக்கிழமை சாயங்காலம் கட்டியதும் ஒரு காரணம். நாள்கணக்கை முடிக்கும் நேரம் ஒன்று ஒவ்வொரு வங்கிக்கும் உண்டு. 7.40 அந்த நேரத்தைத் தாண்டியிருந்தால் உங்கள் பணம் அடுத்த வேலை நாளான திங்கள் 16-இல் வந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டு, செவ்வாய் 17-இல் எழுதப்பட்டிருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் நீங்கள் கொடுத்த தேதிகளோடு ரொம்பச் சரியாகப் பொருந்துகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது

கார்டு ஆப்பை மூடிவிட்டு, ஜூன் 26 பில்லின் பிடிஎஃப்-ஐத் திறங்கள். ஆப் பல சமயம் ஒரே ஒரு தேதியைத்தான் காட்டும், பில்லில் ஒரு பரிவர்த்தனைக்கு இரண்டு தேதிகள் இருக்கலாம்: பரிவர்த்தனை நடந்த தேதி, பதிவு செய்த தேதி. உங்கள் 40,000 வரவு வரியைத் தேடிப் பிடியுங்கள். முதல் தேதி ஜூன் 14 என்றும் இரண்டாவது 17 என்றும் இருந்தால் நீங்கள் அதிகம் வாதாட வேண்டியதே இல்லை. பணம் 14-க்குரியது என்பதை அவர்கள் பில்லே சொல்கிறது, எழுதியதுதான் தாமதம். தாங்கள் தாமதமாக எழுதியதற்கு உங்களிடம் கட்டணம் கேட்க முடியாது.

இரண்டுமே 17 என்று இருந்தால், அல்லது ஒரே தேதிதான் இருக்கிறது என்றால், பணம் கட்டிய ஆப்பின் வங்கிக்கு எழுதுங்கள். ஆப் கொடுக்கும் ரசீது எண் அந்த ஆப்புக்குள் மட்டும் செல்லும், கார்டு வங்கிக்கு அதை வைத்து எதையும் தேட முடியாது. வங்கிகளுக்கு இடையில் பணம் நகரும்போது தனியாக ஒரு குறிப்பு எண் உண்டு, இந்தியாவில் அதை யூடிஆர் எண் என்பார்கள். அந்த எண்ணையும், கார்டு வங்கியில் பணம் எந்தத் தேதி எந்த நேரத்தில் சேர்ந்தது என்பதையும் மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். போனில் கேட்டால் "போயிடுச்சு மேடம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

அந்தப் பதில் வந்தால் பாதை பிரிகிறது. பணம் 14-ஆம் தேதியே கார்டு வங்கியில் சேர்ந்திருந்தால் தவறு கார்டு வங்கியுடையது. 16-ஆம் தேதிதான் சேர்ந்தது என்றால் கார்டு வங்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. அனுப்பிய வங்கி தான் சொன்ன கால அளவுக்குள் அனுப்பியதா என்பது கேள்வி. சொன்னதைவிடத் தாமதமாக அனுப்பியிருந்தால் 1,880 இழப்பை அவர்களிடம் கேட்கலாம். சொன்ன காலத்துக்குள் அனுப்பியிருந்தால், உண்மையைச் சொல்கிறேன், அங்கே உங்கள் வாதம் பலவீனம். ஆனால் அதற்காகக் கைவிட வேண்டாம், அடுத்துச் சொல்வதைப் படியுங்கள்.

விதி என்ன சொல்கிறது

எந்த நாட்டுக் கார்டு என்று எழுதவில்லை. கார்டு கொடுத்த வங்கி எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதோ அந்த விதிதான் உங்களுக்கு. எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு நாடுகளைச் சுற்றியே இருப்பதால் அந்த இரண்டையும் சொல்கிறேன்.

இந்தியக் கார்டு என்றால் உங்களுக்கு நல்ல செய்தி. ரிசர்வ் வங்கி கார்டுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பாக்கி கடைசி தேதியைத் தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் மட்டுமே லேட் ஃபீ போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கு நிலுவை என்று சொல்லலாம். உங்கள் கடைசி தேதி 14. அவர்கள் சொல்லும் 17-ஐயே உண்மை என்று ஒப்புக்கொண்டாலும் 15, 16, 17 என்று மூன்று நாள்தான் ஆகிறது, மூன்றைத் தாண்டவில்லை. அதாவது பணம் எப்போது சேர்ந்தது என்ற ஆராய்ச்சி எதுவும் தேவைப்படாமல், அவர்கள் தேதியை வைத்தே 500-ஐ நீக்கச் சொல்லலாம். அதே காரணத்தால் இது உங்கள் கடன் வரலாற்றிலும் ஏறக்கூடாது. ஒன்றே ஒன்று: இந்த மூன்று நாள் சலுகை லேட் ஃபீக்கும் அது போன்ற அபராதங்களுக்கும்தான், வட்டிக்கு இது பொருந்தாது. நான்காவது நாளில் வரவாகியிருந்தால் லேட் ஃபீயை 14-ஆம் தேதியிலிருந்தே கணக்கிடுவார்கள் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கார்டு என்றால் அங்கே இந்த மூன்று நாள் கிடையாது. பதிலுக்கு, பணம் வந்து சேர்ந்த தேதிக்கே வரவு வைக்க வேண்டும் என்பது விதி. எழுதுவது தாமதமானாலும் தேதி பின்னால் போகக்கூடாது. கடைசி நாளில் ஏற்றுக்கொள்ளும் நேரத்தை மாலை 5 மணிக்கு முன்னால் வைக்கக்கூடாது என்றும் இருக்கிறது, ஆனால் நீங்கள் கட்டியது 7.40. எனவே அங்கே நீங்கள் கேட்க வேண்டியது உரிமையைவிட சலுகையாக இருக்கலாம். இதுவரை தவறாமல் கட்டியவர் என்றால் முதல் முறை கேட்கும்போது பல வங்கிகள் லேட் ஃபீயை நீக்கிவிடுகின்றன. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

500-ஐ விடுங்கள், 1,380-ஐப் பாருங்கள்

கடிதம் முழுக்க லேட் ஃபீ பற்றியே கோபமாக இருக்கிறீர்கள், பெரிய தொகை பக்கத்து வரியில் இருக்கிறது. மூன்று நாள் தாமதத்துக்கு 1,380 எப்படி வந்தது?

ஆண்டு வட்டி 36 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 40,000-க்கு ஒரு நாள் வட்டி சுமார் 39.45. மூன்று நாளுக்கு 118 மட்டுமே வர வேண்டும். ஆனால் மே 13-இலிருந்து ஜூன் 17 வரை எண்ணினால் 35 நாட்கள், 39.45-ஐ 35-ஆல் பெருக்கினால் 1,380 வருகிறது. உங்கள் பில்லில் வந்த தொகை இதுவேதான், அதனால் கணக்கு இப்படித்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பில்லின் பின்பக்கத்தில் இருக்கும் வட்டி விகிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசி தேதிக்குள் முழுத் தொகையும் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை. அது தவறிவிட்டால் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடியதாகக் கணக்கிடுவது வழக்கம். அதனால்தான் தாமதம் ஒரு நாளாக இருந்தாலும் மூன்று நாளாக இருந்தாலும் வட்டியில் பெரிய வித்தியாசம் இருக்காது. அமெரிக்கக் கார்டாக இருந்தால் மட்டும் இதில் ஒரு தடை உண்டு: சலுகை தவறியதற்காக முந்தின பில் காலத்து நாட்களுக்கும் சேர்த்து வட்டி போட முடியாது. அப்படியென்றால் மே 13 முதல் 26 வரையிலான வட்டியை நீக்கச் சொல்லி தனியாகவே கேட்கலாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. புகார் செய்தவுடன் வாடிக்கையாளர் சேவையில் "லேட் ஃபீ நீக்கிவிட்டோம் மேடம்" என்று சொல்வார்கள், நாமும் நன்றி சொல்லி வைத்துவிடுவோம். 500 போயிருக்கும், 1,380 அப்படியே நிற்கும். லேட் ஃபீ என்பது ஒரு கட்டணம், அதை ஒரு பொத்தானில் நீக்கிவிடலாம். வட்டியை நீக்க வேண்டுமானால் வரவுத் தேதியையே 14 என்று திருத்தி மறுபடி கணக்குப் போட வேண்டும். ஆகவே "லேட் ஃபீயை நீக்குங்கள்" என்று கேட்காதீர்கள். "ஜூன் 14 தேதியிட்டு வரவு வையுங்கள், அதனால் மாறும் எல்லாவற்றையும் திருத்துங்கள்" என்று கேளுங்கள். கட்டணத்தின் மேலும் வட்டியின் மேலும் வரி போட்டிருந்தால் அதுவும் இதற்குள் வந்துவிடும்.

இந்த மாத பில்லை என்ன செய்வது

கட்டாமல் இருந்தால் குறைந்தபட்சத் தொகைகூடக் கட்டவில்லை என்று இன்னொரு லேட் ஃபீ வரும், அதற்கு எதிராகச் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. 6,200 நீங்கள் வாங்கிய பொருட்களுக்கானது, அதில் தகராறே இல்லை. அதைக் கட்டாயம் கட்டுங்கள்.

மீதி 1,880-ஐக் கட்டுவதா நிறுத்துவதா என்பதில் என் யோசனை, கட்டிவிடுங்கள் என்பதே. கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது, கட்டும் அன்றே "தகராறைக் கைவிடாமல் செலுத்துகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டால் போதும். கட்டாமல் விட்டால், பில்லை முழுவதும் கட்டவில்லை என்று வட்டியில்லாக் காலம் மறுபடியும் போய், அடுத்து வாங்கும் எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடலாம். 1,880-க்காக அந்த வம்பை வளர்க்க வேண்டாம். அமெரிக்கக் கார்டில் மட்டும், முறைப்படி எழுத்தில் தகராறு எழுப்பியிருந்தால், விசாரணை முடியும்வரை தகராறுத் தொகையை நிறுத்தி வைக்க சட்டமே அனுமதிக்கிறது. அதற்குப் பில் அனுப்பிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அவர்கள் குறிப்பிட்ட முகவரிக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். போனில் பேசியது இதில் கணக்கில் வராது.

அப்புறம், இந்த முறை கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள். மூன்று வேலை நாள் முன்னால், முடிந்தால் கார்டு வங்கியின் சொந்தத் தளத்திலேயே கட்டுங்கள். புகார் நடக்கும்போது இரண்டாவது தாமதம் வந்தால் உங்கள் கடிதத்தின் பலம் பாதியாகிவிடும்.

கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். மோசடி, வழக்கு, சமூக வலைதளம் எல்லாம் முதல் கடிதத்தில் வேண்டவே வேண்டாம். இந்த அளவு போதும்:

"மே 26 தேதியிட்ட பில் தொகை 40,000-ஐ, கடைசி தேதியான ஜூன் 14 அன்று மாலை 7.40-க்குச் செலுத்தினேன். வங்கிக் குறிப்பு எண் இது. என் கணக்கில் கழிந்ததற்கான பக்கமும், அனுப்பிய வங்கியின் பதிலும் இணைப்பில் உள்ளன. நீங்கள் ஜூன் 17-இல் பதிவு செய்துள்ளீர்கள். பணம் உங்களிடம் வந்து சேர்ந்த தேதியையும் நேரத்தையும் எழுத்தில் தெரிவிக்கவும். ஜூன் 14 தேதியிட்டு வரவு வைத்து, லேட் ஃபீ 500, வட்டி 1,380, இவற்றின் மேலான வரி, இதன் தொடர்ச்சியாக வரக்கூடிய வட்டி ஆகியவற்றை நீக்கவும். கடன் தகவல் நிறுவனங்களுக்கு இதைத் தாமதம் என்று தெரிவித்திருந்தால் திருத்தவும்."

இந்தியக் கார்டு என்றால் இதோடு மூன்று நாள் விதியைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இந்தக் கடிதத்தில் முக்கியமான வரி, வந்து சேர்ந்த தேதியையும் நேரத்தையும் கேட்பது. "சிஸ்டத்தில் 17" என்ற பதிலை அந்த வரிக்கு எதிராக எழுத்தில் கொடுக்க முடியாது, யாராவது ஒருவர் உண்மையிலேயே போய்ப் பார்த்தாக வேண்டும்.

புகார் எண்ணை வாங்கி வையுங்கள். இந்தியாவில் 30 நாட்களுக்குள் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை. முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, அதனால்தான் போன் பேச்சோடு நிறுத்தாமல் எழுதச் சொல்கிறேன். அமெரிக்காவில் வங்கி உங்கள் கடிதம் வந்ததை 30 நாட்களுக்குள் ஒப்புக்கொண்டு, இரண்டு பில் காலத்துக்குள், அதிகபட்சம் 90 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும்.

பணம் திரும்ப வரவு வைத்தோம் என்று சொன்னதும் கோப்பை மூடிவிடாதீர்கள். ஜூலை 26 பில்லையும் பிரித்துப் பாருங்கள். ஜூன் 26 வரை வாங்கிய அந்த 6,200-க்கும் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடியிருக்கலாம். சில வங்கிகள் அதை அதே பில்லில் சேர்க்கும், சில அடுத்ததில் சேர்க்கும். உங்கள் 1,380 முழுவதும் 40,000-க்கான கணக்கோடு பொருந்திவிடுவதால், இது இன்னும் வரவில்லை என்று தோன்றுகிறது. ஜூலை பில்லில் அப்படி ஒரு சின்ன வட்டி வரி தெரிந்தால், புதிய புகார் போட வேண்டாம்; பழைய புகார் எண்ணையே குறிப்பிட்டு, கடிதத்தில் ஏற்கெனவே கேட்ட "தொடர்ச்சியாக வரக்கூடிய வட்டி" இதுதான் என்று எழுதி அனுப்புங்கள்.